ஆப்பில் பார்த்த தொகை வேறு, வங்கிக்கு வந்த தொகை வேறு: எக்ஸிட் லோடும் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவும்

தெரிந்தவர்களின் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்டுகளைப் பார்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு மாறி மாறிக் குழப்பாமல் இருக்க, முதல் கேள்வியில் வரும் அதே முதலீட்டைத்தான் கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் எளிதாகப் பெருக்கிப் பார்க்கும்படி நானே அமைத்தவை.

ஆப்பில் 2,26,800 ரூபாய் என்று காட்டியது. எல்லாவற்றையும் விற்றேன். வங்கிக்கு வந்தது 2,23,748. மூவாயிரம் ரூபாய் எங்கே போனது?

முதலில் முதலீட்டைப் பார்த்துவிடலாம். ஓர் ஈக்விட்டி ஃபண்டில், விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் மாதம் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பி. 2024 ஜனவரியில் முதல் தவணை, 2025 ஆகஸ்ட்டில் இருபதாவது தவணை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே பணம் போய்விடும். மொத்தம் சேர்ந்தது 4,500 யூனிட். 2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை மதியத்துக்கு முன் முழுவதையும் ரிடீம் செய்ய ஆர்டர் போட்டாயிற்று. ஃபண்டின் எக்ஸிட் லோட், அதாவது சீக்கிரம் வெளியே எடுப்பதற்குப் பிடிக்கும் கட்டணம், ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1 சதவீதம்.

திங்கள் காலை ஆப் காட்டியது ஒரு யூனிட்டின் விலையான என்.ஏ.வி.யில் கடைசியாக வெளியானது, அதாவது வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமையுடையது. அது 50.40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4,500 யூனிட்டுக்கு 2,26,800. உங்கள் ஆர்டருக்குக் கிடைத்ததோ அந்தத் திங்களின் என்.ஏ.வி. பிற்பகல் 3 மணிக்கு முன் போட்ட ஆர்டருக்கு அன்றைய விலைதான் பொருந்தும். அது சந்தை முடிந்து, இரவில்தான் தெரியும். அன்று அது கொஞ்சம் இறங்கி 50.00-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மதிப்பு 2,25,000. ஆக 1,800 ரூபாய் யாரும் பிடிக்காமலேயே குறைந்துவிட்டது. விலை ஏறியிருந்தால் இதே தொகை கூடியிருக்கும், அப்போது யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்தது எக்ஸிட் லோட். 4,500 யூனிட்டில் 2,500 யூனிட் கடைசி 12 தவணைகளில் வாங்கியவை, அவற்றுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. 2,500 யூனிட்டை 50 ரூபாயால் பெருக்கினால் 1,25,000. அதில் 1 சதவீதம் 1,250 ரூபாய். மீதி 2,000 யூனிட்டுக்கு லோட் கிடையாது.

கடைசியாக எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி. ஈக்விட்டி ஃபண்ட் யூனிட்டை ஃபண்டிடமே திருப்பிக் கொடுக்கும்போது 0.001 சதவீதம், லட்சத்துக்கு ஒரு ரூபாய். இங்கே 2 ரூபாய்.

1,800, 1,250, 2. கூட்டினால் 3,052. ஆப்பில் பார்த்ததுக்கும் வங்கிக்கு வந்ததுக்கும் இடையிலான வித்தியாசம் அவ்வளவுதான். ஃபண்டை நடத்துவதற்காக வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று எடுக்கும் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை எங்கே பிடித்தார்கள்? ஸ்டேட்மெண்டில் அந்த வரியே இல்லையே?

இருக்காது. அது உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதில்லை, ஃபண்டின் மொத்தச் சொத்திலிருந்து தினமும் கழிக்கப்படுகிறது. கழித்த பிறகு மிஞ்சுவதை யூனிட் எண்ணிக்கையால் வகுத்துத்தான் என்.ஏ.வி.யை அறிவிக்கிறார்கள். எனவே ஆப் காட்டிய 50.40-உம் சரி, விற்ற நாளின் 50.00-உம் சரி, செலவு போக நின்ற விலைகள். ரிடீம் செய்யும்போது அதை இன்னொரு தடவை கழிப்பதில்லை.

ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஏன் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது புரியும். வருடத்துக்கு 1.8 சதவீதம் என்றால், 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 0.005 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 50 ரூபாய் என்.ஏ.வி.யில் அது கால் பைசா. அதே நாளில் சந்தை அரை ரூபாய் ஏறும், இறங்கும். கால் பைசாவை யார் பார்ப்பார்கள்?

சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. நம் முதலீட்டில் பணம் பத்தாயிரத்தில் தொடங்கி இரண்டே கால் லட்சம் வரை வளர்ந்தது. 20 மாதங்களில் சராசரியாக உள்ளே இருந்தது சுமார் 1,10,000 ரூபாய் எனக் கொள்ளலாம். அதற்கு வருடம் 1.8 சதவீதம் வீதம் 20 மாதத்துக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய். எக்ஸிட் லோடாகப் போனது 1,250. கண்ணுக்குத் தெரிந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் எனக்கு வரும் புகார்களில் பத்துக்கு ஒன்பது அந்த 1,250-ஐப் பற்றியதுதான். வாசலில் நிற்க வைத்து வாங்கினால் வலிக்கிறது, உள்ளே உட்கார்ந்திருக்கும்போது எடுத்தால் வலிப்பதில்லை.

எக்ஸ்பென்ஸ் ரேஷியோவைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம், தினமும் வெளியிட வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு ஸ்டேட்மெண்டிலும் உங்கள் திட்டத்தின் சராசரிச் செலவு விகிதமும், உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குப் போன கமிஷனும் இருக்கும். வழக்கமான மாத ஸ்டேட்மெண்டில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நான் முதலீடு தொடங்கி 20 மாதம் ஆகிவிட்டது. ஒரு வருடம் தாண்டினால் லோட் இல்லை என்றுதானே சொன்னார்கள்?

சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒரு வருடம் உங்கள் கணக்குக்கு உரியதல்ல, ஒவ்வொரு யூனிட்டுக்கும் உரியது. எஸ்.ஐ.பி. என்பது ஒரே முதலீடு போலத் தோன்றினாலும், விதிகளின் பார்வையில் இருபது தவணையும் இருபது தனித்தனிக் கொள்முதல். 2025 ஜூலையில் போன 10,000 ரூபாய்க்கு ஆகஸ்ட்டில் ஒரு மாதம்தான் வயது.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகவே வருகிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. மாதாந்திர எஸ்.ஐ.பி. ஓடிக்கொண்டிருக்கும்வரை, எந்த நாளில் முழுவதையும் எடுத்தாலும் கடைசி பன்னிரண்டு தவணை லோட் வலைக்குள்தான் இருக்கும். ஐந்து வருடம் கட்டினாலும் அப்படித்தான், பத்து வருடம் கட்டினாலும் அப்படித்தான். நீண்ட நாள் கட்டியவருக்கு அந்தப் பன்னிரண்டு தவணை மொத்தத்தில் சிறு பகுதியாக இருப்பதால் உறைக்காது. நம் உதாரணத்தில் பாதிக்கு மேல் அதுதான் என்பதால் உறைக்கிறது.

லோடை லாபத்தில் பிடிக்கிறார்களா, மொத்தத்தில் பிடிக்கிறார்களா?

மொத்தத்தில். இன்னும் சரியாகச் சொன்னால், லோடுக்கு உட்பட்ட யூனிட்டுகளின் விற்பனை மதிப்பில். நீங்கள் போட்ட தொகையும் கணக்கில் இல்லை, லாபமும் கணக்கில் இல்லை. நம் உதாரணத்தில் அந்த 2,500 யூனிட்டை வாங்கச் செலவானது 1,20,000 ரூபாய், விற்றது 1,25,000-க்கு. லாபம் 5,000. அதில் 1,250 லோடாகப் போனது. விற்பனைத் தொகையில் ஒரு சதவீதம் என்று சொன்னது, லாபத்தில் பார்த்தால் கால்வாசி.

நஷ்டத்தில் விற்றாலும் உண்டு. ஒரு லட்சம் போட்டு எட்டு மாதத்தில் 90,000 ஆகி, பயந்து விற்றால் அதில் 900 ரூபாய் போய் 89,100 கையில் வரும். இதை முதல் தடவை அனுபவிப்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் விதி அதுதான்.

ஒரு வருடம் என்பது சரியாக எந்த நாளில் முடிகிறது? எனக்கு ஒரு நாள் வித்தியாசத்தில் லோட் பிடித்துவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் நாம் நினைக்கும் தேதி இல்லை, அதுதான் சிக்கல்.

தொடக்கம்: வங்கியிலிருந்து பணம் போன நாளிலிருந்து எண்ணுவதில்லை. யூனிட் ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான். 2021 பிப்ரவரியிலிருந்து, பணம் ஃபண்டின் கணக்குக்கு வந்து சேர்ந்த நாளின் என்.ஏ.வி.தான் கிடைக்கிறது. 5-ஆம் தேதி வங்கிக் கணக்கில் பிடித்தம் காட்டினாலும், ஒதுக்கீடு ஓரிரு வேலை நாள் கழித்து இருக்கலாம். நடுவில் சனி, ஞாயிறு வந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஸ்டேட்மெண்டில் அந்தக் கொள்முதலுக்கு எதிரே இருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள்.

முடிவு: நீங்கள் பொத்தானை அழுத்திய நேரம் முக்கியமில்லை, எந்த நாளின் என்.ஏ.வி. பொருந்துகிறதோ அந்த நாள்தான். 3 மணிக்கு மேல் அழுத்தினால் அடுத்த வேலை நாள். அப்புறம், திட்ட ஆவணத்தின் வார்த்தையையும் பார்க்க வேண்டும். பல ஃபண்டுகளில் ‘ஒதுக்கிய நாளிலிருந்து ஒரு வருடத்தன்றோ அதற்கு முன்போ எடுத்தால்’ என்று இருக்கும். அப்படியென்றால் வருடம் முடியும் அந்த நாளிலும் லோட் உண்டு, மறுநாள்தான் விடுதலை. ஒரு வருடம் என்று போடாமல் 365 நாள் என்று போட்டிருக்கும் திட்டங்களும் உண்டு. நான் யாருக்குச் சொன்னாலும் ஒரு வருடத்துக்கு மேல் மூன்று நாள் விட்டு எடுங்கள் என்பேன். ஒரு நாளைத் துல்லியமாகப் பிடித்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

முழுவதும் வேண்டாம், ஒரு லட்சம் போதும். லோட் இல்லாமல் எடுக்க முடியுமா?

முடியும். ரிடீம் செய்யும்போது முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் வெளியே போகும். நம் உதாரணத்தில் முதல் எட்டுத் தவணையில் வந்த 2,000 யூனிட் ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டன. 50 ரூபாய் வீதம் சரியாக 1,00,000. அதை எடுத்தால் லோட் ஒரு ரூபாய்கூட இல்லை. அவசரத்துக்கு ஒரு லட்சம் தேவைப்பட்டவர், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முழுவதையும் எடுத்ததற்குக் கொடுத்த விலைதான் அந்த 1,250.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ஆர்டர் போடும்போது தொகையைக் குறிப்பிடாமல் யூனிட் எண்ணிக்கையைக் குறிப்பிடுங்கள். ‘ஒரு லட்சம்’ என்று போட்டு, அன்று என்.ஏ.வி. 50-லிருந்து 49.50-க்கு இறங்கினால், ஒரு லட்சத்துக்கு 2,020 யூனிட்டுக்கு மேல் தேவை. கூடுதலாகப் போகும் அந்த இருபது யூனிட் ஒன்பதாவது தவணையிலிருந்து போகும், அதற்கு லோட் உண்டு. தொகை பத்துப் பதினொரு ரூபாய்தான், ஆனால் ஏன் வந்தது என்று தெரியாமல் மண்டையைக் குழப்பிக்கொள்வதைவிட, 2,000 யூனிட் என்று போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. சில ஃபண்டுகளில், ஒரு வருடத்துக்குள்ளேயே யூனிட்டுகளில் 10 சதவீதம் வரை லோட் இல்லாமல் எடுக்கலாம், அதற்கு மேல் எடுப்பதற்குத்தான் லோட் என்று இருக்கும். இது எல்லா ஃபண்டிலும் இல்லை, அளவும் ஒன்றுபோல் இல்லை. உங்கள் திட்டத்தில் உண்டா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அவசரத்தில் உதவும்.

மீதியை லோட் இல்லாமல் எடுக்கக் காத்திருப்பது லாபமா?

ஒரு தவணையின் யூனிட்டுகள் சுமார் 208, இன்றைய மதிப்பு 10,400 ரூபாய். ஒரு மாதம் காத்திருந்தால் ஒரு தவணை வெளியே வரும், மிச்சமாவது 104 ரூபாய். ஆனால் எஸ்.ஐ.பி. ஓடிக்கொண்டிருந்தால் அதே மாதம் புதிதாக ஒன்று உள்ளே போய்விடும், கணக்கு நேராகிவிடும். எனவே எடுக்கும் எண்ணம் வந்ததும் முதல் வேலை எஸ்.ஐ.பி.யை நிறுத்துவது.

அதன் பிறகு காத்திருக்கலாமா என்பது பணம் எதற்கு என்பதைப் பொறுத்தது. மருத்துவச் செலவுக்கோ, 36 சதவீத வட்டியில் ஓடும் கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்கவோ என்றால் 1 சதவீதத்துக்காகக் காத்திருப்பது வீண். அந்த வட்டி மாதத்துக்கே 3 சதவீதம். சந்தை ஒரே நாளில் ஒரு சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம் என்பதையும் மறக்கக் கூடாது. முதல் கேள்வியிலேயே பார்த்தோம், ஒரு நாள் என்.ஏ.வி. மாற்றம் எடுத்தது 1,800, லோட் எடுத்தது 1,250. லோடைக் காப்பாற்ற மூன்று மாதம் உட்கார்ந்து, அதற்குள் 6 சதவீதம் இறங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு. இரண்டு வாரத்தில் பெரிய ஒற்றைத் தொகை ஒன்று வருடத்தைத் தாண்டப் போகிறது என்றால் மட்டும் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

செலவு குறையும் என்று ரெகுலரிலிருந்து டைரக்ட் பிளானுக்கு மாறினேன். அதே ஃபண்ட்தான். அதற்கும் லோடா?

ஒரே ஃபண்டாக இருந்தாலும் மாறுவது என்பது ஒன்றிலிருந்து விற்று இன்னொன்றில் வாங்குவது. பெரும்பாலும் லோட் பொருந்தும். சில நிறுவனங்கள் இந்த மாற்றத்துக்கு விலக்கு கொடுக்கின்றன, சில குறிப்பிட்ட நிபந்தனையோடு கொடுக்கின்றன. திட்ட ஆவணத்தில் எக்ஸிட் லோட் பகுதியிலேயே எழுதியிருக்கும்.

நானும் ஒருமுறை இதில் மாட்டினேன். வாங்கிப் பதினோராவது மாதம், ஆர்வக்கோளாறில் டைரக்டுக்கு மாற்றினேன். 1 சதவீதம் போனது. ஒரு மாதம் பொறுத்திருந்தால் போயிருக்காது. அது கூடப் பரவாயில்லை. அடுத்த நாலாவது மாதம் பணம் தேவைப்பட்டு எடுத்தபோது மறுபடியும் 1 சதவீதம் போனது. மாற்றிய நாளிலிருந்து புதிய பிளானில் புதிய ஒதுக்கீடு, கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மொத்தம் 15 மாதம் வைத்திருந்த பணத்துக்கு இரண்டு முறை லோட் கட்டிய பெருமை எனக்கு உண்டு.

அதற்காக மாறுவது தவறு என்று சொல்லவில்லை. டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. விநியோகஸ்தர் கமிஷன் இல்லாததால் செலவு விகிதம் குறைவு. ரெகுலரில் 1.8, டைரக்டில் 0.8 என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்திலேயே அந்த 1 சதவீத லோட் திரும்பி வந்துவிடும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவருக்கு, லோடுக்குப் பயந்து மாறாமல் இருப்பதுதான் நஷ்டம். லோட் இல்லாத பழைய யூனிட்டுகளை முதலில் மாற்றிவிட்டு, புதிய எஸ்.ஐ.பி.யை நேராக டைரக்டில் தொடங்கிவிட்டால் இரண்டுமே கிடைக்கும். மாற்றும்போது லாபத்துக்கு வரி வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த லோட் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் பைக்குத்தானே போகிறது?

இப்போது இல்லை. 2012-இல் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, எக்ஸிட் லோட் அந்தத் திட்டத்துக்குள்ளேயே திரும்பச் சேர்க்கப்படுகிறது. அதாவது நீங்கள் விட்டுச்சென்ற 1,250 ரூபாய் உள்ளே தங்கியிருப்பவர்களின் என்.ஏ.வி.யில் பரவுகிறது. ஒருவர் சீக்கிரம் வெளியேறும்போது ஃபண்ட் பங்கை விற்றுப் பணம் கொடுக்கிறது, அந்த விற்பனைக்கு ஆகும் செலவு இருப்பவர்கள் தலையில் விழுகிறது. அதற்கு ஈடு என்பது இதன் நியாயம்.

உள்ளே நுழையும்போதே பிடிக்கும் லோட் ஒன்றும் முன்பு இருந்தது. 2009 ஆகஸ்ட்டில் செபி அதை நிறுத்திவிட்டது. பழைய ஆட்கள் ‘இரண்டே கால் சதவீதம் பிடிப்பாங்க’ என்று சொல்வது அதைத்தான். எக்ஸ்பென்ஸ் ரேஷியோ மட்டும்தான் உண்மையில் நிறுவனத்துக்கும், விநியோகஸ்தருக்கும், பதிவாளருக்கும், மற்றவர்களுக்கும் போகும் பணம்.

இணையக் கால்குலேட்டரில் 12 சதவீதம் போட்டுப் பார்த்தேன். வந்த தொகை அதைவிடக் குறைவு. இது எக்ஸ்பென்ஸ் ரேஷியோவாலா?

ஒரு பகுதி இருக்கலாம். முதல் கேள்வியில் இருந்த வித்தியாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரைக்கும் வங்கிக்கும் நடுவே உள்ள இடைவெளி எக்ஸிட் லோடும் ஒரு நாள் விலை மாற்றமும். மனதில் போட்ட கணக்குக்கும் திரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சந்தை எப்படி நடந்தது என்பதற்கு அடுத்தபடியாக.

கால்குலேட்டரில் போடும் 12 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு ஃபண்டின் பழைய என்.ஏ.வி.யிலிருந்து எடுத்த வருமானம் என்றால் அதில் செலவு ஏற்கெனவே கழிந்திருக்கிறது. குறியீட்டு எண்ணின் வருமானம் என்றால் கழியவில்லை, குறியீட்டுக்கு மேலாளரும் இல்லை, சம்பளமும் இல்லை. பங்குகள் 12 சதவீதம் ஈட்டி, 1.8 போய் உங்களுக்கு 10.2 என்று வந்தால், ஒரு லட்சம் 15 வருடத்தில் 5.47 லட்சத்துக்குப் பதில் 4.29 லட்சம்தான் ஆகும். செலவு 0.8 மட்டும் என்றால் சுமார் 4.92 லட்சம். சிறு எண்ணாகத் தெரியும் அந்த ஒரு சதவீதம் 15 வருடத்தில் 60,000 ரூபாய்க்கு மேல். சந்தை இறங்கிய வருடங்களிலும் இந்தக் கழிவு நிற்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு விகிதம் ஒரே எண்ணில் நிற்பதும் இல்லை. நீங்கள் வாங்கியபோது பார்த்தது இன்றும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

லிக்விட் ஃபண்டில் பத்து நாள்தான் வைத்திருந்தேன். அதிலும் லோட் உண்டா?

பத்து நாளில் இல்லை. 2019 அக்டோபரிலிருந்து ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும் உண்டு. முதல் நாள் 0.0070 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து ஏழாவது நாளிலிருந்து ஒன்றுமில்லை. மிக மோசமான நாளிலும் ஒரு லட்சத்துக்கு 7 ரூபாய்.

வந்த தொகையில் வரியும் பிடித்திருப்பார்களா?

இந்தியாவில் வசிப்பவர் என்றால் விற்ற லாபத்துக்கான வரியை ஃபண்ட் நிறுவனம் பிடிக்காது. வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் பிடித்துக்கொண்டுதான் தரும், அவர்களுக்கு வரும் தொகை குறைவதற்கு லோடை விட அதுவே பெரிய காரணமாக இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று பொருளில்லை. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்ற ஈக்விட்டி ஃபண்டில், 12 மாதத்துக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தவற்றின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். நம் உதாரணத்தில் பழைய 2,000 யூனிட்டின் லாபம் 20,000, வேறு லாபம் இல்லையென்றால் வரி கிடையாது. லோட் பிடிக்கப்பட்ட அதே 2,500 யூனிட்தான் 20 சதவீத வரியிலும் மாட்டுகிறது. இரண்டுக்கும் கோடு ஏறத்தாழ ஒரே இடத்தில் இருப்பதால், லோடைத் தவிர்க்கும் முடிவு வரியையும் குறைத்துவிடுகிறது.

லோட் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

விற்ற பிறகு வந்த ஸ்டேட்மெண்டில் விற்ற யூனிட், என்.ஏ.வி., பிடித்த லோட், எஸ்.டி.டி. ஆகியவை இருக்கும். யூனிட்டை என்.ஏ.வி.யால் பெருக்கிப் பாருங்கள், வந்த தொகையைக் கழியுங்கள். மிச்சம் லோடும் எஸ்.டி.டி.யும் சேர்ந்த தொகையோடு பொருந்த வேண்டும். பிறகு லோடை 1 சதவீதத்தால் வகுத்தால் எத்தனை ரூபாய் மதிப்புள்ள யூனிட்டுக்கு லோட் போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். நம் கணக்கில் 1,250-ஐ வகுத்தால் 1,25,000, அதாவது 2,500 யூனிட். வாங்கிய தேதிகளைப் பார்த்து எண்ணினாலும் 2,500 வர வேண்டும். அதற்குப் பதில் 2,250 ரூபாய் பிடித்திருந்தால் 4,500 யூனிட்டுக்கும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது தவறு.

நான் பார்த்தவரை நிஜத் தவறு அபூர்வம். பெரும்பாலும் இரண்டு குழப்பங்கள்தான். ஒன்று, ஒரே ஃபண்டில் இரண்டு ஃபோலியோ, அதாவது இரண்டு தனிக் கணக்கு எண், இருக்கும்; பழைய யூனிட் ஒன்றில், புதியது இன்னொன்றில். முதலில் வாங்கியது முதலில் போகும் என்ற விதி அந்தந்த ஃபோலியோவுக்குள் மட்டும்தான். புதிய ஃபோலியோவிலிருந்து எடுத்துவிட்டு, ‘என்னிடம் மூன்று வருடப் பழைய யூனிட் இருக்கிறதே’ என்று கேட்பார்கள். இரண்டு, ஃபண்ட் நடுவில் லோடை மாற்றியிருக்கும். கூட்டினாலோ புதிதாகப் போட்டாலோ அது மாற்றத்துக்குப் பிறகு வாங்கிய யூனிட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் வாங்கிய நாளில் என்ன விகிதம் இருந்தது என்பதுதான் கேள்வி. இணையதளத்தில் இன்று போட்டிருப்பதை வைத்துப் பழைய யூனிட்டைக் கணக்கிட்டால் பொருந்தாது.

இரண்டும் இல்லை, கணக்கு உண்மையிலேயே உதைக்கிறது என்றால், ஃபோலியோ எண், விற்ற தேதி, தவணை வாரியாக யூனிட்டும் ஒதுக்கீட்டுத் தேதியும், உங்கள் கணக்குப்படி எவ்வளவு லோட் வர வேண்டும் என்பது, இத்தனையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி ஃபண்ட் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ‘பணம் குறைவாக வந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் வழக்கமான பதில்தான் வரும். பதில் திருப்தியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். அங்கே பதிவானால் நிறுவனம் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய அதே தவணை வாரிப் பட்டியலை அங்கேயும் இணைத்துவிடுங்கள்.